பழைய சீலிங் ஃபானுக்கு எந்தக் கப்பாசிற்றர்? செட்டை, மூடி, றெகுலேற்றரை வச்சுக் கண்டுபிடிக்கிற வழி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடுகளில தொங்கிற பழைய ஃபானுகள்ல பாதிக்கு மேல கலப்படம். 2009க்குப் பிறகு ஆக்கள் திரும்பி வந்து வீடு கட்டேக்க கையில கிடைச்சதை எல்லாம் கொழுவினவை, ஒண்டின்ர மோட்டருக்கு இன்னொண்டின்ர செட்டை, அதுக்கு மேல கொழுக்கியை மறைக்க வேறொண்டின்ர கிண்ணம், சுவரில எங்கேயோ கழட்டின றெகுலேற்றர். இதைப் பாத்திட்டு "இது இன்ன கம்பனி, 2.5 மைக்ரோஃபரட் போடு" எண்டு கீழ நிண்டு சொல்லுறது சரிவராது. கம்பனி தெரிஞ்சால் எந்த அளவுக்குக் கிட்ட நிக்குதெண்டு தெரியும், அவ்வளவுதான். கப்பாசிற்றரின்ர அளவைத் தீர்மானிக்கிறது மோட்டருக்குள்ள இருக்கிற கொயில், அதனால மோட்டரின்ர அடையாளத்தை மட்டும் நம்புங்கோ, செட்டையையும் கிண்ணத்தையும் சாட்சியா மட்டும் வச்சுக்கொள்ளுங்கோ.

ரிமோட்டோட வாற புது பி.எல்.டி.சி ஃபானுகளுக்கு இந்தக் கதை பொருந்தாது, அதுகளில இந்த மாதிரிக் கப்பாசிற்றரே இல்லை, உள்ளுக்க இருக்கிறது ஒரு போர்ட்.

கழட்டமுதல் ஒரு விசயம். சுவர் சுவிச்சை மட்டும் நூத்துப்போட்டு ஏறாதேங்கோ. எங்கட பக்கம் நிறைய வீட்டில வயரை மாறி அடிச்சு சுவிச் நியூற்றலில நிக்குது, சுவிச் ஓஃப் எண்டாலும் மேல கரண்ட் இருக்கும். மெயின் பிரேக்கரையே இறக்குங்கோ, பிறகு டெஸ்ரரால தொட்டுப் பாருங்கோ. கப்பாசிற்றரின்ர ரெண்டு வயரையும் பிடி போட்ட ஸ்குரூட்ரைவரால ஒருக்காச் சேர்த்துத் தொட்டுவிட்டுத்தான் கையை வையுங்கோ. ஃபான் கப்பாசிற்றர் ஆளைக் கொல்லுற அளவுக்குச் சேமிக்காது, ஆனா ஏணியில நிக்கேக்க ஒரு உதறல் விழுந்தாலே போதும் கீழ வர.

சத்தம் வருது, சுத்தேல்லை

சுவிச்சைப் போட்டால் "ம்ம்ம்" எண்டு இரையுது, ஆனா நிக்குது. ஒரு நீட்டுத் தும்புத்தடியால செட்டையை மெல்லத் தள்ளிவிடுங்கோ, கையால வேண்டாம். தள்ளின பக்கம் சுத்தத் தொடங்கினால் நிப்பாட்டி மற்றப் பக்கம் தள்ளிப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் நீங்கள் தள்ளின மாதிரியே ஓடுது எண்டால் நேராக் கரண்ட் வாற ரன்னிங் கொயில் வேலை செய்யுது, கப்பாசிற்றரோட தொடரா நிக்கிற ஸ்ராட்டிங் கொயிலுக்குக் கரண்ட் போகேல்லை எண்டுதான் அர்த்தம். அநேகமாக் கப்பாசிற்றர் செத்துப்போச்சு. நூறில ஒண்டு ரெண்டு இடத்தில கப்பாசிற்றர் நல்லா இருந்து ஸ்ராட்டிங் கொயிலின்ர வயர் அறுந்திருக்கும், அதை மீற்றரால பாக்கிற விதம் கீழ வருது.

தள்ளினாலும் இறுக்கமா நிண்டால் பெயாரிங். கரண்டை நிப்பாட்டிப்போட்டு கையால சுழட்டிவிட்டால் நல்ல ஃபான் பல சுத்துச் சுத்தித்தான் நிக்கும், உடன நிண்டால் கப்பாசிற்றர் வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ. இந்திய ஃபான் எண்டால் உள்ளுக்க அநேகமா 6201, 6202 நம்பர் பெயாரிங், எந்தச் சைக்கிள் கடைக்காரனும் அடையாளம் காணுவான்.

சத்தமே இல்லை

இதுக்குக் கப்பாசிற்றரைத் தொடாதேங்கோ. கப்பாசிற்றர் செத்தாலும் ரன்னிங் கொயிலுக்கு நேராக் கரண்ட் போகும், அதால இரைச்சல் வந்தே தீரும். இரைச்சலும் இல்லை எண்டால் றெகுலேற்றர், சுவிச், கிண்ணத்துக்குள்ள இருக்கிற கனெக்டர், இல்லாட்டிக் கொயிலோட ஒட்டி வச்சிருக்கிற சூட்டு ஃபியூஸ், இந்த வரிசையில பாருங்கோ. பல்லி ஒண்டு கனெக்டரில கருகி ஒட்டியிருக்கிறதையும் கண்டிருக்கிறன்.

சுத்துது, ஆனா மெதுவா

இதில தான் ஆக்கள் வீணாக் கப்பாசிற்றர் மாத்துறது. முதல்ல எப்ப மெதுவாகுது எண்டு கவனியுங்கோ. விடியக் காலமை நல்ல காத்து வந்து, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தொய்ஞ்சால் அது வோல்ற்றேஜ். லைன் கடைசியில இருக்கிற வீடுகளில, தோட்டங்களில இறைப்பு மோட்டர் ஓடுற நேரம் 230 வரவேண்டிய இடத்தில 195 தான் வரும். மோட்டரின்ர இழுவை வோல்ற்றேஜின்ர வர்க்கத்தோட இறங்கிறபடியா 195ல அது முக்கால்வாசிக்கும் கொஞ்சம் கீழ போயிடும், ஃபான் தொய்யத்தான் செய்யும். அந்த நேரம் பெரிய கப்பாசிற்றர் போட்டுச் சரிக்கட்டினால் நடுச்சாமத்தில வோல்ற்றேஜ் ஏறேக்க மோட்டர் சுடும்.

எந்த நேரமும் மெதுவு எண்டால்தான் கப்பாசிற்றர். இது ஒரேயடியாச் சாகாது, உள்ளுக்க இருக்கிற பூச்சு அங்கங்க எரிஞ்சு எரிஞ்சு அளவு இறங்கிக்கொண்டே போகும். கழட்டி மீற்றரில கப்பாசிற்றன்ஸ் பக்கம் வச்சு அளவுங்கோ. 2.5 மைக்ரோ எண்டு எழுதியிருந்தால் நல்லது 2.38க்கும் 2.62க்கும் இடையில காட்டும், 2.2க்குக் கீழ காட்டினால் மாத்தலாம், 1.4, 1.6 எண்டு நிண்டால் உங்கட மெதுவுக்குக் காரணம் அதுதான். வெளியால பாக்க ஊதாமல் புதுசு மாதிரித்தான் இருக்கும், அதை வச்சு நல்லதெண்டு முடிவெடுக்கேலாது.

ஒரு நம்பரில ஓடுது, மற்றதில ஓடேல்லை

ஐந்தில நல்லா ஓடி, மூண்டில நிண்டால் றெகுலேற்றரைப் பிடியுங்கோ. சந்தேகம் இருந்தால் றெகுலேற்றரைக் கழட்டி அதின்ர ரெண்டு வயரையும் கனெக்டரால நேராச் சேர்த்துப் பாருங்கோ, ஃபான் பறந்தால் குற்றம் சுவரில. றெகுலேற்றர் மூண்டு ரகம். பாரமான பெரிய பெட்டி, குறைஞ்ச நம்பரில வச்சால் சுடுது எண்டால் உள்ளுக்க றெசிஸ்ரன்ஸ் கொயில் இல்லாட்டிச் சோக். பாரமில்லை, நம்பருக்கு நம்பர் "டிக்" எண்டு விழுது, சுடாது எண்டால் உள்ளுக்க கப்பாசிற்றர் வச்சது. நம்பர் இல்லாமல் வானொலிக் குமிழ் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்புது எண்டால் இலக்ரோனிக், அதில குறைஞ்ச வேகத்தில மோட்டர் இரையிறது வழமை, அதைக் கேட்டுக் கப்பாசிற்றரைப் பழி சொல்லக்கூடாது.

கப்பாசிற்றர் வச்ச றெகுலேற்றருக்குள்ள இருக்கிற சதுரக் கப்பாசிற்றரும் மேல ஃபானில இருக்கிறதும் வேறை வேறை வேலைக்கு, பாக்கத்தான் ஒண்டு போல. சுவரில இருக்கிறது கரண்ட் வாற வழியில தொடராய் நிண்டு வோல்ற்றேஜைக் குறைக்குது, மேல இருக்கிறது ஸ்ராட்டிங் கொயிலோட நிக்குது. ஒண்டின்ர அளவைப் பாத்து மற்றதுக்கு வாங்கிக்கொண்டு வாறவையும் இருக்கினம்.

புதுசு போட்ட பிறகு சுடுது, இல்லாட்டி காத்து மேல போகுது

சுடுறது பெரும்பாலும் அளவு கூடினதால. காத்து கீழ வராமல் மேல போனால் கப்பாசிற்றரின்ர வயர் ஸ்ராட்டிங் பக்கம் போகாமல் ரன்னிங் பக்கம் போயிட்டுது, அதால சுத்து மாறிட்டுது. செட்டையைப் பக்கவாட்டில பாருங்கோ, ஒரு விளிம்பு உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும், உயர்ந்த விளிம்பு முன்னுக்குப் போனால்தான் காத்து கீழ வரும்.

இப்ப ஃபானை அடையாளம் பாக்கிறது

பழைய கப்பாசிற்றரில எழுத்து தெரிஞ்சால் இந்தப் பகுதியே தேவையில்லை, அதில இருக்கிறதையே வாங்குங்கோ. ஒரு எச்சரிக்கை, அதுவும் யாரோ இடையில மாத்தினதா இருக்கலாம். வயர் நுனி கம்பனி முறுக்கோட, ஒரே மாதிரிச் சிலீவ் போட்டு இருந்தால் பழையதே. கையால முறுக்கிக் கறுப்பு ரேப் சுத்தியிருந்தால் எழுத்தை நம்பாமல் கீழ சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ.

முதலில செட்டை. மோட்டரின்ர நடுவிலயிருந்து நுனி வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்கோ, 24 அங்குலம் வந்தால் 48 அங்குல ஃபான், 28 வந்தால் 56. மூண்டு ஒடுக்கமான அலுமினியச் செட்டை, அடியில தனி இரும்புக் கையை றிவெட் அடிச்சு ஒவ்வொரு செட்டைக்கும் ரெண்டு ஸ்குரூவில மோட்டரில பூட்டியிருந்தால் இந்திய ரகம், உஷா, குரொம்ப்டன், ஓரியன்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அகலமான தகடு, உருண்ட நுனி, 56 இல்லாட்டி 60 அங்குலம், மோட்டர் தட்டையா அகலமா இருந்து, பைப்போட பாதுகாப்புக் கம்பி ஒண்டு மேல கொழுக்கி வரைக்கும் போனால் கே.டி.கே ரகம். ஐஞ்சு மரச் செட்டை, அடியில லைட், இழுக்கிற சங்கிலி எண்டால் அலங்கார ரகம், அதைக் கடைசியில சொல்லுறன்.

பிறகு மோட்டர் மூடி. கீழ நடுவில இருக்கிற சின்ன வட்ட மூடியில பேர் இருந்தாலும் அதை உடன நம்பாதேங்கோ, அது விரலால திருகினாலே கழருற பொருள், எந்த ஃபானுக்கும் மாத்திப் பூட்டலாம். கழட்டி உள் பக்கத்தைப் பாருங்கோ. அலுமினிய உடம்பில வார்ப்போட சேர்ந்த எழுத்து, இலக்கம் இருந்தால் அதுதான் உண்மையான பேர், அதை ஆரும் மாத்தேலாது. மோட்டரின்ர மேல் பக்கம், பைப் இறங்கிற இடத்தில, தூசுக்குக் கீழ ஒரு ஸ்ரிக்கரோ சின்னத் தகடோ இருக்கும், ஈரத் துணியால மெல்ல ஒத்தி எடுங்கோ, உரசினால் எழுத்தும் சேர்ந்து போயிடும். அதில வோட்ஸ், வோல்ற், செட்டை அளவு இருக்கும், சிலதில கப்பாசிற்றர் அளவையே போட்டிருப்பாங்கள்.

செட்டையின்ர ஸ்குரூ ஓட்டையையும் பாருங்கோ. அது நீண்டு, அரத்தால ராவின தடம் தெரிஞ்சால் வேற ஃபானின்ர செட்டையைப் பூட்டியிருக்கினம். மோட்டரில நாலு செட்டைக்கு ஓட்டை இருந்து மூண்டு செட்டை தொங்கிறதும் நான் கண்டது, அது ஆடுற ஆட்டத்துக்கு வேற காரணமே தேடத் தேவையில்லை.

பொதுவா 48 அங்குல இந்திய ஃபானுக்கு 2.5 மைக்ரோ, சில பழையதுகளுக்கு 2.25, 56 அங்குலத்துக்கும் இழுவை கூடின மொடலுகளுக்கும் 3.15. மலிவான சின்ன மோட்டருகளில 1.2, 1.5 எண்டும் வரும். இது தொடங்கிற இடம் மட்டும்தான்.

விசுவமடு வீட்டு ஃபான்

ஒரு அக்கா கூப்பிட்டவ, ஹோல் ஃபான் பின்னேரத்தில மெழுகு நாத்தம் வருதாம். "தம்பி, போன கிழமை தான் புதுக் கப்பாசிற்றர் போட்டது, இப்ப முந்தியைவிட வேகம் குறைவு, கிட்டப் போனால் சூடு அடிக்குது." கடையில பழையதைக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறா, அது வெடிச்சு எழுத்தில்லை, செட்டை பெரிசு எண்டு கேட்டுட்டு 4 மைக்ரோ ஒண்டைக் குடுத்துவிட்டிருக்கினம்.

பாத்தால் செட்டை அகலத் தகடு, அளந்தால் 56. சுவரில பாரமான பெட்டி றெகுலேற்றர். கீழ நிண்டு பாத்தால் எல்லாரும் பெரிய ஃபான் எண்டுதான் சொல்லுவினம். ஆனா மோட்டர் ஒடுக்கமா உயர்ந்தது, வட்ட மூடியைக் கழட்டினால் உள்ளுக்க வார்ப்பில ஒரு இந்தியக் கம்பனி எழுத்து, மேல தகட்டில 1200 எண்டும் 75 வோட்ஸ் எண்டும் போட்டிருந்தது. 1200 மில்லிமீற்றர் எண்டால் 48 அங்குலம். செட்டையின்ர ஓட்டையளும் ராவின ஓட்டையள். ஆக 48 அங்குல மோட்டர் 56 அங்குலச் செட்டையை இழுத்துக்கொண்டு நிக்குது. செட்டை பெரிசாக ஆக மோட்டர் மெதுவாகும், மெதுவான மோட்டர் கரண்ட் கூட இழுக்கும், தன்னைக் குளிராக்கிற காத்தும் குறையும், அதுக்கு மேல 4 மைக்ரோ.

அடுத்தது கொயில். கப்பாசிற்றரைக் கழட்டிவிட்டு மோட்டரில இருந்து வாற மூண்டு வயரையும் மீற்றரில ஓம்ஸ் பக்கம் வச்சு ரெண்டு ரெண்டாப் பாத்தன். வயர் நிறத்தை நம்பேல்லை, கம்பனிக்குக் கம்பனி மாறும். சிவப்புக்கும் கறுப்புக்கும் 182, கறுப்புக்கும் நீலத்துக்கும் 236, சிவப்புக்கும் நீலத்துக்கும் 418. கூடின அளவு எந்த ரெண்டுக்கு இடையிலயோ அந்த ரெண்டும் கொயில் நுனிகள், மிஞ்சின கறுப்பு பொது வயர். 182ம் 236ம் கூட்டினால் 418, கணக்குச் சரியா வந்ததால கொயில் எங்கயும் அறுபடேல்லை, பெரிய சோட்டும் இல்லை. கூட்டுத்தொகை சரிவராட்டி, இல்லாட்டி ஒண்டு அறுந்ததாக் காட்டினால், அந்த ஃபானுக்குக் கப்பாசிற்றர் வாங்காமல் கொயில் கட்டுறவரிட்டைக் கொண்டு போங்கோ. கூடின ஓம்ஸ் உள்ள பக்கம் பெரும்பாலும் ஸ்ராட்டிங், கப்பாசிற்றர் அதோட தொடராப் போகும். ரெண்டும் கிட்டக்கிட்ட ஒண்டு போல இருந்தால் எதில போட்டாலும் ஓடும், சுத்து மட்டும் மாறும், செட்டை விளிம்பைப் பாத்துச் சரியாக்கலாம்.

ஏன் 4 சுட்டது எண்டால், கப்பாசிற்றருக்குக் குறுக்கால வோல்ற்றேஜ் அப்பிடியே நிண்டால் அதுக்குள்ளால போற கரண்ட் அளவோட நேராக் கூடும். 2.5ல இருந்து 4 எண்டால் கரண்ட் 1.6 மடங்கு, சூடு கரண்டின்ர வர்க்கம் எண்டபடியா ஸ்ராட்டிங் கொயிலில சூடு இரண்டரை மடங்குக்கும் மேல. உண்மையில வோல்ற்றேஜ் கொஞ்சம் அசையும், ஆனா போற திசை இதுதான். 3.15 போட்டாலே அந்தக் கணக்கில அறுபது வீதம் மட்டில கூடும். வேகமோ அவ்வளவா ஏறாது, ஏனெண்டால் ஃபானின்ர உச்ச வேகம் கொயிலில எத்தனை காந்த முனை, அதாவது போல், எண்டதிலயும் 50 ஹேர்ட்ஸிலயும் கட்டுப்பட்டது. 14 போல் மோட்டர் எண்டால் நிமிசத்துக்கு 428 சுத்துக்கு மேல எந்தக் கப்பாசிற்றராலயும் போகேலாது.

பெரிய செட்டையைக் கழட்டி 48 அங்குலச் செட் ஒண்டு பூட்டினம், அக்காவின்ர அயல்வீட்டில எரிஞ்சுபோன மோட்டர் ஒண்டின்ர செட்டை சும்மா கிடந்தது, ஓட்டையும் பொருந்தினது. மூண்டையும் தராசில வச்சுப் பாத்து நிறை ஒண்டு போல எண்டு தெரிஞ்ச பிறகுதான் ஏத்தினது. 2.5 போட்டு ஐந்தில விட்டால் 230 வோல்ற்றில 0.32 அம்பியர் காட்டிச்சுது, 75 வோட்ஸ் மோட்டருக்கு அது சரியான இடம். கப்பாசிற்றருக்குக் குறுக்கால 305 வோல்ற். வீட்டுக் கரண்டைவிட இது கூட இருக்கிறதைக் கண்டு பயப்பிடத் தேவையில்லை, கொயிலும் கப்பாசிற்றரும் தொடரா நிக்கிறதால அப்பிடித்தான் வரும், அதுக்காகத்தான் 440, 450 எண்டு போட்டதை வாங்கச் சொல்லுறது. இதை அளக்கேக்க கிளிப்பைக் கரண்ட் இல்லாத நேரம் பூட்டிப்போட்டு, ஏணியால இறங்கின பிறகுதான் சுவிச்சைப் போடோணும்.

ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, நிப்பாட்டி, மோட்டர் உடம்பில உள்ளங்கையை வச்சுப் பாத்தம். இளஞ்சூடு, கையை எடுக்காமல் பத்து எண்ண முடிஞ்சுது. எடுக்கவேண்டி வந்தால் ஒரு படி குறைஞ்ச அளவுக்கு, 2.25க்கு, இறங்கிப் பாத்திருப்பன். அளவு தெரியாத மோட்டருக்கு எப்பவும் கீழ இருந்து மேல போங்கோ: தானாத் தொடங்கிற, எல்லா நம்பரிலயும் எழும்பிற, சுடாத அளவுக்குள்ள ஆகக் குறைஞ்சது எதோ அதுதான் சரி. குறைஞ்ச நம்பரில வச்சு பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு குறைஞ்ச வோல்ற்றேஜில தொடங்குதோ எண்டும் ஒருக்காப் பாக்கோணும், ஐந்தில தொடங்கிறது எல்லாம் ஒண்டில தொடங்காது.

கடையில

கேக்கவேண்டியது அளவு, 440 இல்லாட்டி 450 வோல்ற் ஏ.சி, 50 ஹேர்ட்ஸ். சி.பி.பி 61 எண்டு போட்ட கறுப்புச் சதுரமோ, வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயோ, வடிவம் முக்கியமில்லை, கிண்ணத்துக்குள்ள இறங்கினால் சரி. இதுக்குப் பிளஸ் மைனஸ் இல்லை, ரெண்டு வயரையும் எப்பிடியும் பூட்டலாம். பழைய ரீவி போர்ட்டில கழட்டின 400 வோல்ற் டி.சி எண்டு எழுதினதை அளவு சரி எண்டு பூட்டாதேங்கோ, ஏ.சியில அது சூடாகி வெடிக்கும். 250 வோல்ற் ஏ.சி எண்டதும் காணாது, மேல சொன்ன 305ஐ நினைச்சுக்கொள்ளுங்கோ.

மீற்றர் இருந்தால் காசு குடுக்கமுதல் கடையிலயே அளவுங்கோ. 2.5 எண்டு அச்சடிச்சுப் புதுப் பெட்டிக்குள்ளால வந்தது 1.9 காட்டினதும் உண்டு. மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம் 2.5 கிடைக்காட்டி 3.15ஐ வாங்கிக்கொண்டு வராதேங்கோ, 2.25 போதும். இல்லாட்டி 1.5 ஒண்டும் 1 ஒண்டும் வாங்கி பக்கம் பக்கமாச் சேர்த்தால், அதாவது ரெண்டின்ர ஒரு வயரும் சேர்த்து மற்ற வயரும் சேர்த்தால், 2.5 வரும், ரெண்டும் 440க்குக் குறையாததா இருக்கோணும்.

சங்கிலி இழுக்கிற ஐஞ்சு செட்டைக்காரருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அதில கப்பாசிற்றர் அடியில சுவிச் கிண்ணத்துக்குள்ள இருக்கும், மூண்டு நாலு வயர் வரும், ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மூண்டு அளவு, வேகமும் அதாலதான் மாறுது. பெட்டியில எழுதின எல்லா அளவையும் வயர் நிறத்தோட சேர்த்து ஃபோனில படம் பிடிச்சுக்கொண்டு போய் அதே எண்களும் அதே வயர் எண்ணிக்கையும் உள்ளதை வாங்குங்கோ. ரெண்டு வயர்க் கப்பாசிற்றர் ஒண்டைப் போட்டு ஓட்டலாம் எண்டு ஆரும் சொன்னால், ஓடும், ஒரே ஒரு வேகத்தில.